சீட்டுப் பணம் வந்தது. பின்னாலேயே நோட்டீஸும் வந்தது

வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்டில் ஒரே ஒரு வரி: 7,11,250 ரூபாய் வரவு. அனுப்பியது ஒரு சீட்டு கம்பெனி. வாங்கியவருக்கு அது மூன்று நொடியில் விளங்கிவிடும், ‘நம்ம ஏலச்சீட்டுப் பணம்’. வருமான வரி அதிகாரிக்கு விளங்காது. அவர் கண்ணுக்கு அது ரிட்டர்னில் எங்கும் இடம்பெறாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஏழு லட்சம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறார். விளக்கம் நிற்காவிட்டால், 2022-23 நிதியாண்டுக் கணக்குப்படி இந்த ஒரு வரவுக்கு மட்டும் 5,54,775 ரூபாய் வரி. 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேல் 4 சதவீத செஸ், ஆக 78 சதவீதம். இது வருமான வரிச் சட்டத்தின் 115BBE பிரிவு. சாதாரண வரி விகிதமோ, கழிவோ, நஷ்டத்தைக் கழித்துக்கொள்வதோ இதில் கிடையாது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரியை மனதில் வைத்து, நாமே போட்ட கணக்கு இது. ஆனால் மாசி வீதிகளிலும், உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் கடைத்தெருக்களிலும் சீட்டு கட்டாத கடைக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வங்கி மேலாளரிடம் கேட்டு வாங்குவதைவிட, சீட்டைத் தள்ளி எடுப்பது அவர்களுக்குச் சுலபம். அந்தப் பணம் வங்கிக் கணக்குக்குள் நுழையும்போது என்னென்ன காகிதம் கேட்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நம் வியாபாரி மாட்டியது சீட்டால் அல்ல. ஒத்தக்கடைப் பக்கம் 31 லட்சத்துக்கு வீடு வாங்கினார். 30 லட்சத்துக்குக் குறையாத பத்திரப் பதிவு ஒவ்வொன்றும் பதிவு அலுவலகத்திலிருந்து வருமான வரித் துறைக்குப் போய்விடும். வீட்டுக் கடன் 20 லட்சம். மீதி 11 லட்சம் எங்கிருந்து என்பதுதான் முதல் கேள்வி. அதற்காக வங்கி ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். அதைப் புரட்டும்போது இந்த வரி கண்ணில் பட்டது. சீட்டில் உறுப்பினருக்குக் கிடைக்கும் கசர் வட்டி அல்ல, அதற்கு டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் சாஹிப் சிட்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. டிடிஎஸ் பிடிக்காத பணம் துறையின் 26AS படிவத்திலும் வராது. அதனால் அதிகாரியின் திரையில் சீட்டு என்ற சொல்லே இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். 10 லட்ச ரூபாய் சீட்டு, 40 பேர், மாதம் 25,000, 40 மாதம். 2021 நவம்பரில் ஆரம்பம். முதல் சீட்டு வழக்கம்போல கம்பெனிக்கு. சட்டமே அதை நடத்துபவருக்குத் தள்ளில்லாமல் கொடுக்கிறது. நம் வியாபாரி 14ஆவது ஏலத்தில், 2022 டிசம்பரில், 2,60,000 தள்ளி எடுத்தார். கைக்கு வரவேண்டியது 7,40,000. தள்ளிய தொகையில் கம்பெனி கமிஷன் 50,000 போக மீதி 2,10,000 நாற்பது பேருக்கும் கசராகப் பிரிந்தது, தலைக்கு 5,250. இந்தக் குரூப்பில் கமிஷன் 5 சதவீதம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 7 வரை வாங்கலாம்.

அப்படியானால் கணக்கில் 7,40,000 அல்லவா வந்திருக்க வேண்டும்? வரவில்லை. ஜாமீன்தாரர்களைப் பிடித்து, சம்பளச் சான்று வாங்கி, கையெழுத்துப் போட்டு முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. அதற்குள் 15ஆவது தவணை வந்துவிட்டது. முந்தைய ஏலத்தின் கசர் 5,250 போக 19,750 ரூபாயைக் கம்பெனியே பிடித்துக்கொண்டது. கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9,000 ரூபாயையும் பிடித்தது. மிச்சம் 7,11,250 ரூபாய் 2023 ஜனவரியில் வந்து சேர்ந்தது.

பதில்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஏல நிகழ்ச்சிப் பதிவேட்டில் டிசம்பர், 7,40,000. வங்கியில் ஜனவரி, 7,11,250. தேதியும் ஒட்டவில்லை, தொகையும் ஒட்டவில்லை. பதிவேட்டின் நகலை மட்டும் வைத்துவிட்டு ‘இதுதான் அது’ என்றால் எந்த அதிகாரியும் தலையாட்ட மாட்டார். பதிலின் முதல் பக்கத்திலேயே அந்தக் கழித்தல் கணக்கு இருக்க வேண்டும். 7,40,000த்தில் ஜிஎஸ்டி 9,000, 15ஆவது தவணை 19,750, மீதி 7,11,250. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் காகிதத்தின் எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். கம்பெனியின் பட்டுவாடா வவுச்சரில் இந்தக் கழிவுகள் அச்சாகியிருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லையென்றால் கம்பெனியிடம் லெட்ஜர் நகல் கேட்டு வாங்க வேண்டும்.

சீட்டு எடுத்தபோதே இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. பணம் வந்த மகிழ்ச்சியில் வவுச்சரை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? நல்லவேளை, பதிவு செய்த கம்பெனியில் இவை அழிவதில்லை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் தமிழ்நாட்டில் 1984 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு ஏலத்துக்கும் நிகழ்ச்சிப் பதிவு எழுதி, நடத்துபவரும், வந்திருந்த உறுப்பினர்களில் குறைந்தது இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் 21 நாளுக்குள் சீட்டுப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். சீட்டு ஒப்பந்தமும் அங்கே பதிவாகியிருக்கும். கம்பெனி இழுத்தடித்தாலும், உறுப்பினர் கட்டணம் கட்டிப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அரசு அலுவலகத்தின் முத்திரை விழுந்த நகலுக்கு வரி அதிகாரி முன்னால் இருக்கும் மதிப்பு, கம்பெனி லெட்டர்பேடுக்கு ஒருபோதும் வராது.

இன்னொரு வழியும் உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. 133(6) பிரிவின்கீழ் அதிகாரி சீட்டு கம்பெனிக்கே கடிதம் எழுதி விவரம் கேட்கலாம். ‘ஐயம் இருந்தால் கம்பெனியிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கக் கோருகிறேன்’ என்று பதிலில் ஒரு வரி எழுதி, கம்பெனியின் முகவரி, குரூப் எண், டிக்கெட் எண் மூன்றையும் தந்துவிடுங்கள். அவர் கேட்டால் உண்மை உறுதியாகும். கேட்காமலே தள்ளுபடி செய்தால், மேல்முறையீட்டில் உங்கள் பக்கம் பேச அந்த ஒரு வரி இருக்கும்.

இதுவரை பேசியது சுலபமான பாதி. வரவை விளக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து உட்காருபவர்கள்தான் அடுத்த கேள்வியில் விழுகிறார்கள்: “சரி, தவணை கட்டிய பணம் எங்கிருந்து வந்தது?”

சீட்டுப் பணம் வருமானம் அல்ல. அதில் ஒரு பகுதி உங்கள் பணம் உங்களுக்கே திரும்புவது. மீதி, மற்ற முப்பத்தொன்பது பேரின் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு இனிவரும் மாதங்களில் கட்டித் தீர்ப்பது. சீட்டில் லாபமா நஷ்டமா என்பது குரூப் முடியும்போதுதான் தெரியும். சென்னையிலிருந்து போன பிலஹரி இன்வெஸ்ட்மென்ட் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சீட்டு கட்டிய கம்பெனிகள், குரூப் முடிந்த பிறகே கசர் கணக்கைக் காட்டின. ஆண்டுதோறும் பிரித்துக் காட்ட வேண்டும் என்றது துறை. 2008 பிப்ரவரியில் நீதிமன்றம் கம்பெனிகளின் முறையை ஏற்றது. ஆகவே வரவு விழுந்த ஆண்டில் அதை வருமானமாக்க முடியாது என்று வாதிட இடமுண்டு. ஆனால் கட்டிய தவணைக்கு மூலம் காட்டும் பொறுப்பு அந்தத் தீர்ப்பால் போய்விடாது.

நம் வியாபாரி ஏலம் எடுக்கும்வரை 14 தவணை கட்டினார். முழுத் தொகை 3,50,000. அதில் கசர் 68,400 போக உண்மையில் கட்டியது 2,81,600. அதிகாரி பார்ப்பது இந்தத் தொகையைத்தான். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் ஐந்து தவணை, 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, முந்தைய நிதியாண்டில் கட்டியது. அது 1,06,250 ரூபாய். விசாரணை 2022-23க்கு என்றால், முந்தைய ஆண்டில் கட்டிய பணத்தை இந்த ஆண்டின் விளக்கமில்லாப் பணமாகச் சேர்க்க முடியாது. மீதி 1,75,350க்கு மட்டும் மூலம் காட்டினால் போதும். ஜனவரியில் பிடித்த 19,750 சீட்டுப் பணத்திலிருந்தே போனது. அதற்குத் தனி மூலம் தேவையில்லை. 7 லட்சம் என்று தொடங்கிய பயம் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சுருங்கிவிட்டது. நல்ல பதில் செய்யும் காரியம் இதுதான். கேள்வியின் அளவைச் சரியாகக் காட்டுவது.

அந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்குத்தான் சீட்டு பாஸ்புக் வருகிறது. ஒவ்வொரு தவணைக்கும் தேதி, ரசீது எண், கசர், கட்டிய தொகை, வசூல்காரரின் சுருக்கொப்பம். பக்கத்தில் வங்கி ஸ்டேட்மென்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போடுங்கள். யுபிஐயில் கட்டியவை வங்கியில் பற்றாகத் தெரியும். ரொக்கமாக வசூல்காரரிடம் கொடுத்தவைக்குக் கடைக் கல்லாவில் அன்று பணம் இருந்ததா என்று காட்ட வேண்டும். தேதியில் ஓரிரு நாள் தள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம். வசூல்காரர் சனிக்கிழமை வாங்கி, பாஸ்புக்கில் அன்றே எழுதி, கம்பெனியில் திங்கட்கிழமை கட்டுவார். இதைப் பதிலில் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அதிகாரி கண்டுபிடித்த பிறகு சொன்னால் சமாதானம் போலத்தான் இருக்கும்.

பாஸ்புக்கிலேயே வம்பு இருப்பதும் உண்டு. பதினான்கு தவணையும் ஒரே பேனா, ஒரே கைச்சாய்வு, ஒரே சாய அழுத்தத்தில் இருந்தால் நோட்டீஸ் வந்த பிறகு உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். தொலைந்துபோன பாஸ்புக்குக்குப் பதிலாக நகல் வாங்கினால், ‘நகல்’ என்று கம்பெனியே எழுதி முத்திரையிட்டுத் தரட்டும். பழையது போலவே புதிதாக எழுதி வாங்கிவருவது உண்மையான சீட்டையே பொய்யாக்கிவிடும்.

ரிட்டர்னில் காட்டிய வருமானம் இதற்கெல்லாம் அடித்தளம். நம் வியாபாரி 44AD பிரிவில், கணக்குப் புத்தகம் இல்லாமல், 5,90,000 வருமானம் காட்டியிருக்கிறார். மாதம் இருபதாயிரத்துச் சொச்சம் தவணை போக, குடும்பம் நடத்த மீதி இருக்கிறது. நம்பும்படியாக இருக்கிறது. இதே சீட்டை, 2,80,000 வருமானம் காட்டியவர் கட்டியிருந்தால்? ஆண்டுக்கு 2,40,000 சீட்டுக்கே போனால் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்ற கேள்விக்குப் பாஸ்புக்கில் பதில் இல்லை. இங்கே பிரச்சினை சீட்டு அல்ல, ரிட்டர்ன். ஆடிட்டர் எத்தனை திறமைசாலியானாலும் அந்த ஓட்டையைச் சீட்டுக் காகிதத்தால் அடைக்க முடியாது.

சட்டப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டீஸ் 68ஆவது பிரிவைக் குறிப்பிடும்போது சிலர் துள்ளிக் குதிக்கிறார்கள். அந்தப் பிரிவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் விழுந்த வரவைப் பற்றியது; வங்கி பாஸ்புக் உங்கள் கணக்குப் புத்தகம் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் பாய்சந்த் காந்தி வழக்கில் 1982லேயே சொல்லிவிட்டது. வாதம் சரிதான், எழுதிவையுங்கள். ஆனால் அதையே நம்பி நிற்காதீர்கள். அதிகாரி 69A பிரிவுக்கு மாறினால் அந்த வாதம் உதவாது. தொழில்நுட்ப வாதம் பதிலின் கடைசிப் பத்தியில் இருக்கட்டும், முதல் பக்கம் கணக்குக்கு.

விகிதத்தைப் பற்றி மதுரைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 2016 நவம்பர் 8 பண மதிப்பிழப்புக்குப் பிறகு, அந்த டிசம்பரில் வந்த திருத்தத்தால்தான் 60 சதவீதம் வந்தது. அதை அந்த நிதியாண்டில் நடந்த வரவுகளுக்கே பின்னோக்கிப் பூட்டினார்கள். ஸ்மைல் மைக்ரோபைனான்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 நவம்பரில், உயர்த்திய விகிதம் 2017 ஏப்ரல் 1 முதல் நடந்த பரிவர்த்தனைகளுக்கே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்துச் சீட்டுப் பணத்தை வங்கியில் போட்டு, இன்னும் மேல்முறையீட்டில் கிடப்பவர்கள் இதை மறக்காமல் எடுத்து வைக்கலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும், பழைய ஆண்டு விசாரணைக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

பதிவில்லாத தெருச்சீட்டு என்றால் கதை வேறு. அக்கா ஒருத்தி நடத்துவார், இருபது பேர் சேர்வார்கள், கணக்கு ஒரு நோட்டில். நோட்டு ஆதாரமே ஆகாது என்பதில்லை. இருபது பேர் பெயர், மாதவாரியாக யார் எடுத்தது, தள்ளு எவ்வளவு என்று தொடர்ச்சியாக எழுதியிருந்தால் அதற்கு எடை உண்டு. நடத்தியவரும் உடன் கட்டியவர்களில் சிலரும் பான் எண்ணுடன் ஒப்புதல் கடிதம் தந்தால் எடை கூடும். ஆனால் கடிதம் தர அவர்கள் அஞ்சுவார்கள்; பதிவில்லாமல் சீட்டு நடத்துவதே குற்றம். அதைவிடப் பெரிய பள்ளம் ரொக்கம். 2017 ஏப்ரல் முதல் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது 269ST பிரிவு. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. ‘சீட்டு எடுத்து நாலரை லட்சம் ரொக்கமாகத் தந்தார்கள், அதை வங்கியில் போட்டேன்’ என்ற உண்மை விளக்கம் ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் திறந்துவிடும். தகுந்த காரணம் காட்டினால் அபராதத்திலிருந்து தப்ப வழி உண்டு. அதற்கு ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் பதில் எழுதுவதே புத்தி.

அந்தப் பயத்தில் சிலர் கதையை மாற்றுகிறார்கள். முதலில் சீட்டு, பிறகு மாமனார் தந்த கைமாற்று, கடைசியில் விவசாய வருமானம். மூன்று பதிலும் துறையின் e-Proceedings பக்கத்தில் தேதியோடு உட்கார்ந்திருக்கும். மூன்றாவது உண்மையாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மனைவி பெயரில் சீட்டு, கணவர் கணக்கில் பணம் என்ற குழப்பமும் சகஜம். ஒப்பந்தத்தில் இருப்பது மனைவி பெயர், வரவு கணவர் கணக்கில் என்றால், தவணை யார் பணத்தில் கட்டியது, பணம் ஏன் இங்கே வந்தது என்ற இரண்டையும் மனைவியே கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கட்டிக்கொண்டிருந்த இடத்தை நடுவில் வாங்கியிருந்தால் பெயர் மாற்றக் கடிதம் கட்டாயம். வாய்வார்த்தை மாற்றம் இங்கே செல்லாது.

பதிலை அனுப்ப பீபீகுளம் அலுவலகப் படிக்கட்டு ஏறத் தேவையில்லை. முகம் காணா விசாரணை என்பதால் எல்லாம் இணையத்தில்தான். உங்கள் கோப்பைப் பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. அதனால் மதுரையில் சீட்டு எப்படி நடக்கும், கசர் என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீட்டையே கட்டியறியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் ஒரு பத்தி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். தமிழில் எழுதிய பாஸ்புக் பக்கங்களுக்கு ஆங்கில விளக்கத் தாள் இணைத்துவிடுங்கள். நோட்டீசில் போட்ட தேதிக்குள் காகிதம் கிடைக்காவிட்டால் அவகாசம் கேட்டு அன்றே மனுப் போடுங்கள். சும்மா இருந்துவிட்டால் இருக்கிற தகவலை வைத்து உத்தரவு போட்டுவிடுவார்கள். அதன்பின் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

சீட்டு நடத்துபவர், குரூப் முடிந்து எட்டு ஆண்டு வரை ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உறுப்பினரின் பாஸ்புக்குக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. கடைசித் தவணை கட்டியதும் பல கம்பெனிகள் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கின்றன. கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, பட்டுவாடா வவுச்சரோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.